டொஸ் வென்று 46: பெங்களூர் பிட்ச் இரண்டு கேப்டன்களை ஏமாற்றிய கதை

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு பிட்ச் வாசிப்பதில் ஒரு குறை இருக்கிறது. அது அவர்களுடைய பிழை இல்லை. பல தலைமுறையாக இங்கே கிரிக்கெட் வளர்ந்தது மற்றிங்கில்தான். கீழே சீமெந்துத் தளம் அல்லது இறுக்கிய கிரவல், மேலே கயிற்று விரிப்பு, சுற்றிவர ஆணி. முதல் நாள் காலையில் பந்து எப்படி எழும்புகிறதோ, கடைசி நாள் பின்னேரமும் ஏறக்குறைய அப்படித்தான் எழும்பும். விரிப்பை நன்றாக இழுத்துக் கட்டியிருக்கிறார்களா, சுருக்கம் ஏதும் இருக்கிறதா, மைதானத்துப் புல் பனியில் நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டொஸ்ஸுக்குப் போகலாம். அதற்கு மேல் பிட்ச்சிடம் கேட்க ஒன்றுமில்லை.

போதாததற்கு எங்கள் பெரிய ஆட்டங்களின் காலமும் அப்படி. 1904 இல் தொடங்கிய வடக்கின் பெரும் போர் உட்பட, பள்ளிக்கூடங்களின் பிக் மேட்ச் எல்லாம் மாசி, பங்குனி வெயிலில் நடக்கும். மாரி மழை விட்டு மண் காய்ந்து கிடக்கிற மாதங்கள். ஈரம் ஊறிய பிட்ச்சில் புதுப்பந்தை எதிர்கொள்ளும் சங்கடம் எங்கள் பையன்களுக்கு வருவதே இல்லை. அப்புறம் ஒருநாள் கொழும்புக்கோ கண்டிக்கோ போய் மண் பிட்ச்சில் இறங்குகிறார்கள். கேப்டன் ஓடிப்போய்ப் பார்க்கிறான். "சேர், புல்லே இல்லை. பற்றிங் எடுப்பம்" என்கிறான்.

இந்த வசனத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு 2024 ஒக்டோபரில் பெங்களூர் சின்னசுவாமி மைதானத்தில் நடந்த இந்தியா, நியூசிலாந்து டெஸ்ட் ஞாபகத்துக்கு வரும். ரோஹித் சர்மாவும் அன்று கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். இந்தியா 46 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. உள்ளூரில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த ஓட்ட எண்ணிக்கை அது. பச்சை, தூசி, தட்டை என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கும் மூன்று வகைப் பிட்ச்சையும், எப்போது பற்றிங், எப்போது போலிங் என்பதையும் விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த ஒரே பிட்ச், அதே ஆட்டத்துக்குள், ஒரு நாளில் ஒன்றாக இருந்து அடுத்த நாளில் வேறொன்றாக மாறியது.

டொஸ்ஸுக்கு முன்பு தெரிந்தவை

முதலில் கேப்டனுக்கு அன்று காலை என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம். முடிவு எங்களுக்குத் தெரியும் என்பதற்காக அவரை முட்டாளாக்கக் கூடாது.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் பெங்களூரில் மழை. பயிற்சி நடக்கவில்லை. ஒக்டோபர் 16, முதல் நாள், டொஸ்கூடப் போடாமல் முழுதாகக் கழுவிப் போனது. பிட்ச் இந்த நேரமெல்லாம் மூடிக் கிடந்தது. 17 ஆம் திகதி காலை மூடுவிரிப்பை எடுத்தபோது மேலே மேகம். பிட்ச்சில் பெரிதாகப் புல் இல்லை. டொஸ் ரோஹித்துக்கு விழுந்தது. பற்றிங் என்றார்.

அவருடைய கணக்கை அவரே அன்றைக்கு மாலை விளக்கினார். புல் அதிகம் இல்லை, முதல் அமர்வில் ஏதாவது செய்தாலும் அதற்குப் பிறகு வேகப்பந்துக்குப் பெரிதாக உதவாது, பிட்ச் தட்டையாக இருக்கும், போகப் போகச் சுழலும் என்று நினைத்தோம் என்றார். பிட்ச்சைப் பிழையாக வாசித்தது தான்தான் என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டொஸ் தனக்கு விழுந்திருந்தால் தானும் பற்றிங்தான் எடுத்திருப்பேன் என்று நியூசிலாந்துக் கேப்டன் டொம் லேதமும் சொன்னார். ஆக இரண்டு அனுபவசாலிகள், ஒரே பிட்ச்சைப் பார்த்து, ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் டொஸ் வென்று மாட்டுப்பட்டார், மற்றவர் டொஸ் தோற்றுத் தப்பினார்.

இரண்டு பேரும் கண்ணால் பார்த்தது புல். பிட்ச்சுக்குள் இருந்தது தண்ணி.

பச்சை என்பது எங்கே இருக்கிறது

டெஸ்ட் பிட்ச் 22 யார் நீளமான களிமண் தளம். களி கூடிய மண்ணை ஈரமாக்கி, உருட்டி, உலர்த்தி, மறுபடி ஈரமாக்கி உருட்டித்தான் அதைக் கட்டுகிறார்கள். களிமண் ஈரத்தோடு இருக்கும்போதுதான் உருளையின் பாரத்துக்கு நெருங்கி ஒட்டும். ஒட்டிய பிறகு தண்ணி வெளியேற வேண்டும், அப்போதுதான் இறுகும். அந்தத் தண்ணியைக் கீழிருந்து இழுத்து வெளியே விடுவதில் புல் வேருக்குப் பெரிய பங்கு உண்டு. வேர் மண்ணைப் பிடித்தும் வைத்திருக்கும். (எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணை எவ்வளவு உருட்டினாலும் இப்படிப் பிடிக்காது. அது தண்ணியை உடனே கீழே இறக்கிவிடும் மண். வெங்காயத்துக்கு அருமை, பிட்ச்சுக்கு உதவாது.)

புல் விட்ட பிட்ச்சை நாங்கள் பயப்படுவதற்குக் காரணம் புல்லின் நிறம் இல்லை. பச்சைப் புல் உயிரோடு இருக்கிறது என்றால் அதற்கடியில் ஈரம் இருக்கிறது. ஈர மண் கொஞ்சம் இளகியிருக்கும். பந்தின் தையல் நிமிர்ந்து வந்து விழும்போது அந்த இளகிய மேற்பரப்பைக் கவ்வும். கவ்விய பந்து ஒரு பக்கமாக விலகும். எந்தப் பக்கம் என்று போட்டவனுக்கே சரியாகத் தெரியாது, பிறகு பற்றிங் செய்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இதோடு இன்னொரு தொல்லை. இளகிய இடத்தில் விழும் பந்து சிறு பள்ளம் ஒன்றைப் போட்டுவிடும், அந்தப் பள்ளத்தில் படும் அடுத்த பந்து வேறொரு உயரத்துக்கு எழும்பும். ஒன்று நெஞ்சுக்கு வரும், அடுத்தது அதே நீளத்தில் விழுந்து முழங்காலுக்கு வரும்.

இப்போது பெங்களூருக்கு வருவோம். இரண்டு நாள் மூடிக் கிடந்த மண். மூடுவிரிப்பு மழைத் தண்ணியை உள்ளே விடாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் ஈரத்தையும் அது வெளியே விடாது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. ஆட்டத்துக்காக பிட்ச்சுக்குள் விட்டிருந்த ஈரம் உலர வேண்டிய நாட்களில் உலராமலே இருந்துவிட்டது. புல் வெட்டியிருந்தபடியால் மேலே பார்க்க அது வெளிறித் தெரிந்திருக்கும். வேலை செய்கிற பச்சை கீழே இருந்தது. புல் இல்லாத பிட்ச்சும் ஒரு காலைப்பொழுதுக்குப் பச்சை பிட்ச்தான். கேப்டன் பார்க்க வேண்டிய முதல் விசயம் இது.

மேகத்தை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. மேகமூட்டத்தில் பந்து காற்றில் வளைவது ஒரு சங்கதி, பிட்ச்சில் பட்ட பிறகு விலகுவது வேறு சங்கதி. அன்று இரண்டும் ஒன்றாக வந்தன. நியூசிலாந்து வேகப்பந்துவீச்சாளர்களில் டிம் சௌதிக்குக் காற்று, மற்ற இரண்டு பேருக்கும் பிட்ச்.

31.2 ஓவர்கள்

ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் பந்துவீச்சுப் பக்கம்தான் கதை சொல்லும். மட் ஹென்றி 15 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், வில்லியம் ஓ'ரூர்க் 22 ஓட்டங்களுக்கு 4, சௌதிக்கு 1. பத்து விக்கெட்டும் மூன்று வேகப்பந்துவீச்சாளர்களுக்கு. ரோஹித் இரண்டு ஓட்டங்களோடு சௌதியின் உள்ளே திரும்பிய பந்தில் ஸ்டம்ப் பறிகொடுத்தார். 10 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட். மதிய இடைவேளைக்கு 34 ஓட்டங்களுக்கு ஆறு. ஐந்து பேர் பூச்சியம். ரிஷப் பன்ட் எடுத்த 20 தான் அதிகம்.

இதில் விராட் கோலியின் விக்கெட்டை மட்டும் நான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன். ஓ'ரூர்க் உயரமான ஆள். நல்ல நீளத்தில் ஒரு பந்தைப் போடுகிறார். உலர்ந்த பிட்ச்சில் அந்த நீளத்துக்கு முன்காலில் போய் இடுப்பு உயரத்தில் ஆடலாம். கோலியும் முன்னுக்குத்தான் போனார். பந்து அவர் எதிர்பார்த்ததற்கு மேலாக எகிறி, கையுறையில் பட்டு, லெக் பக்கத்தில் நின்ற க்ளென் பிலிப்ஸிடம் போனது. ஒன்பது பந்து, பூச்சியம். அந்த இடத்தில் ஆள் நிறுத்தியிருந்தது தற்செயல் இல்லை. பிட்ச்சின் எழும்பல் மாறி மாறி வருகிறது என்று நியூசிலாந்து அதற்குள் கண்டுபிடித்துவிட்டது.

பற்றிங் செய்தவர்கள் மோசமாக ஆடினார்களா? சிலர் ஆடினார்கள். பந்தைத் துரத்தி அடிக்கப் போனவர்களும் உண்டு. ஆனால் ஆறு பேர் ஒரே காலையில் விழும்போது தனித்தனிப் பிழைகளைத் தேடுவதில் பெரிய பயனில்லை.

அதே பிட்ச், அடுத்த நாட்கள்

அன்று பின்னேரமே நியூசிலாந்து 180 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட். டெவன் கொன்வே 91. அடுத்த நாள் அவர்கள் 402. ரச்சின் ரவீந்திரா 134, ஒன்பதாவதாக வந்த சௌதி 65. பிறகு இந்தியா இரண்டாவது இனிங்ஸில் 462. சர்பராஸ் கான் 150, பன்ட் 99. 46 எடுத்த அதே பற்றிங் வரிசை, அதே 22 யார்.

நேரம் போகப் போக மேற்பரப்பு உலர்ந்தது, ஆட்ட நேரத்து உருட்டலும் உதவியது. ஒவ்வொரு இனிங்ஸ் தொடங்குமுன்னும், ஒவ்வொரு நாள் காலையும், பற்றிங் செய்யும் அணியின் கேப்டன் கேட்டால் ஏழு நிமிடத்துக்கு மேற்படாமல் பிட்ச்சை உருட்டலாம் என்று விதி சொல்கிறது. ஆட்டத்தின் முதல் இனிங்ஸுக்கு மட்டும் சாதாரணமாக அந்தச் சலுகை இல்லை. ஆக முதலில் பற்றிங் எடுப்பவன் பிட்ச்சை அது கிடக்கிற நிலையில்தான் எடுக்க வேண்டும். இரண்டாவதாக ஆடுகிறவனுக்கு அதைத் தன் பாட்டுக்குக் கொஞ்சம் அமர்த்தி எடுக்க வழி உண்டு. டொஸ்ஸின்போது பலர் மறக்கும் வித்தியாசம் இது.

உலர்ந்து இறுகி, இன்னும் வெடிக்காத பிட்ச்சைத்தான் தட்டை என்கிறோம். தையல் கவ்வ ஈரமில்லை, சுழல் கடிக்கத் தூசி இல்லை. 1997 இல் கெத்தாராமவில் இந்தியா 537 எடுத்து ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள, எங்கள் ஆட்கள் 952 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் என்று போட்டார்களே, அந்த மாதிரி. ஜயசூரிய 340, மஹாநாம 225. ஐந்து நாளும் உருண்டாலும் விக்கெட் வராத பிட்ச் அது. அப்படிப்பட்டதில் பற்றிங் எடுப்பதா என்று யோசிக்கவே தேவையில்லை. எடுக்காவிட்டால் இரண்டு நாள் வெயிலில் ஓடுவதுதான் கிடைக்கும்.

பெங்களூர் அந்த அளவுக்குத் தட்டை இல்லை. நான்காம் நாள் இந்தியா 408 ஓட்டங்களுக்கு மூன்று என்று நின்றது. இரண்டாவது புதுப்பந்து வந்தது. மீதி ஏழு விக்கெட்டும் 54 ஓட்டங்களுக்குள் போயின. அதுவரை செத்துக் கிடந்த பிட்ச்சில் பந்தின் தையல் புதிதாக நிமிர்ந்து இருந்ததாலேயே கொஞ்ச நேரம் உயிர் வந்தது. நியூசிலாந்துக்கு 107 தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் காலையில் பும்ரா இரண்டு விக்கெட் எடுத்துக் கொஞ்சம் பயங்காட்டினார், அவ்வளவுதான். எட்டு விக்கெட்டால் வென்றார்கள். 1988 க்குப் பிறகு இந்திய மண்ணில் அவர்களுடைய முதல் டெஸ்ட் வெற்றி.

இதைத் திருப்பி வைத்துப் பார்த்தால் டொஸ் முடிவுக்கான கேள்வி என்னவென்று தெரியும். "இது என்ன பிட்ச்?" என்று கேட்டால் போதாது. "இந்தப் பிட்ச்சில் ஆடுவதற்கு மிக மோசமான நேரம் எது, அந்த நேரத்தில் பற்றிங் செய்யப்போவது யார்?" என்று கேட்க வேண்டும். ஈரப் பிட்ச்சில் மோசமான நேரம் முதல் காலை, அதற்குப் பிறகு நன்றாகிக்கொண்டு வரும். அங்கே போலிங். தூசிப் பிட்ச்சில் மோசமான நேரம் நான்காவது இனிங்ஸ், நாளுக்கு நாள் மோசமாகும். அங்கே பற்றிங். ஈரம் இருந்தாலும், அது பத்து ஓவரில் போய்விடும், கடைசி நாள் நன்றாக வெடிக்கும் என்று தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பற்றிங்தான். முதலில் போலிங் எடுக்க இரண்டு நிபந்தனை வேண்டும்: இப்போது கஷ்டமாக இருக்க வேண்டும், பிறகு இலகுவாக வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

முடிவு எங்கே எடுக்கப்பட்டது

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெங்களூரில் ரோஹித் அந்த முடிவை நாணயம் சுண்டியபோது எடுக்கவில்லை. அணிப் பெயர்ப் பட்டியல் எழுதியபோதே எடுத்துவிட்டார்.

அதற்கு முந்தைய டெஸ்ட்டில், கான்பூரில் பங்களாதேஷுக்கு எதிராக, இந்தியா மூன்று வேகப்பந்துவீச்சாளர்களோடு ஆடியது. பெங்களூருக்கு ஆகாஷ் தீப்பை வெளியே வைத்துக் குல்தீப் யாதவை எடுத்தார்கள். ஷுப்மன் கில்லுக்குக் கழுத்துப் பிடிப்பு, அவர் இடத்தில் சர்பராஸ். ஆக அஸ்வின், ஜடேஜா, குல்தீப் என்று மூன்று சுழல், பும்ரா, சிராஜ் என்று இரண்டு வேகம். தட்டைப் பிட்ச்சிலும் குல்தீப் விக்கெட் எடுப்பார் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் பிழை இல்லை. ஆனால் இப்படிப் பட்டியல் எழுதிய பிறகு ஒரு கேப்டன் எப்படிப் போலிங் எடுப்பான்? ஈர பிட்ச்சில், மேகத்தின் கீழ், இரண்டே வேகப்பந்துவீச்சாளர்கள் இருபது ஓவர் போட்டுக் களைத்த பிறகு, பாதி பழசான பந்தோடு மூன்று சுழல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அந்தப் பதினொருவருக்கு நான்காவது இனிங்ஸில் பந்து போடுவதுதான் சரி. அதற்கு முதலில் பற்றிங் எடுத்தாக வேண்டும். பட்டியல் கேப்டனின் வாயிலிருந்து "பற்றிங்" என்ற சொல்லைப் பிடுங்கியது.

டொஸ்ஸுக்கு முன்பு பெயர்களை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது கிரிக்கெட் விதி. இதில் நெளிவு சுளிவு வேண்டும் என்றுதான் ஐபிஎல் 2023 இல் டொஸ்ஸுக்குப் பிறகு பட்டியல் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். அங்கே கேப்டன்கள் இரண்டு பட்டியலோடு நடுவுக்குப் போவார்கள். டெஸ்ட்டிலும் எங்கள் பள்ளிக்கூட ஆட்டங்களிலும் அந்த வசதி இல்லை. ஆகவே பிட்ச்சை வாசிக்கும் வேலை டொஸ்ஸுக்கு அரை மணி முந்தி இல்லை, பட்டியல் எழுதுவதற்கு முந்தி முடிய வேண்டும். மழை பெய்து பிட்ச் மாறியிருந்தால் பட்டியலும் மாற வேண்டும். ஒரு முழு நாள் மழையில் போன பிறகு பழைய எண்ணத்தோடு இறங்கியதுதான், என் பார்வையில், டொஸ்ஸைவிடப் பெரிய பிழை.

மறுபக்கப் பிழை

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஈரம் கண்டா கண்ணை மூடிக்கொண்டு போலிங் எடுப்பமா சேர்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்கு 2002 நவம்பர், பிரிஸ்பேன் காபா. இங்கிலாந்துக் கேப்டன் நாசர் ஹுசைன் டொஸ் வென்று அவுஸ்திரேலியாவைப் பற்றிங் செய்யச் சொன்னார். பிட்ச்சில் ஏதாவது உயிர் இருக்கும் என்ற நம்பிக்கை. முதல் நாள் முடிவில் 364 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட். ஹெய்டன் 197, பொண்டிங் 123. சைமன் ஜோன்ஸ் களத்தடுப்பில் முழங்காலில் கடும் காயம் பட்டு வெளியே போக, ஒரு பந்துவீச்சாளர் குறைந்தார். அவுஸ்திரேலியா 492. இங்கிலாந்து 325 எடுத்தது, பரவாயில்லை. ஆனால் நான்காவது இனிங்ஸ் ஆட வேண்டியது யார்? போலிங் எடுத்தவர்தான். 79 ஓட்டங்களுக்குச் சுருண்டு 384 ஓட்டங்களால் தோல்வி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பற்றிங் எடுத்தது பிழையானால் ஒரு காலையில் அடி விழும், ஆனால் பிட்ச் நன்றானால் திரும்பி வர வழி இருக்கும். இந்தியா 46 க்குப் பிறகும் ஐந்தாம் நாள் வரை இழுத்தது. போலிங் எடுத்தது பிழையானால் அடி மெல்ல விழும், ஆனால் திரும்பி வருவது கஷ்டம், ஏனென்றால் பிட்ச்சின் கடைசி நாள் உங்கள் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. சந்தேகம் என்றால் பற்றிங் என்று பழைய ஆட்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. அதை விடவேண்டிய இடம், ஈரம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் இடம் இல்லை. ஈரம் விரலில் பட்டு உறுதியாகத் தெரியும் இடம்.

தூசிக்கு இரண்டு வாரம்

அதே தொடரின் அடுத்த இரண்டு ஆட்டங்களும் தூசிக்குப் பாடம். புனேயில் உலர்ந்த பிட்ச். இந்த முறை டொஸ் லேதமுக்கு. யோசிக்காமல் பற்றிங். 259. வாஷிங்டன் சுந்தர் 59 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தும் நியூசிலாந்து அந்த 259 ஐச் சேர்த்துவிட்டது. இந்தியா 156. மிட்செல் சான்ட்னர் 53 ஓட்டங்களுக்கு 7, இரண்டாவது இனிங்ஸில் இன்னும் 6. இந்தியா 113 ஓட்டங்களால் தோற்றது.

மும்பையில் மறுபடி லேதம் டொஸ் வென்று பற்றிங். 235. இந்தியா 263 எடுத்து 28 ஓட்டங்கள் முன்னுக்கு நின்றது. நியூசிலாந்து 174. தேவை 147. தட்டைப் பிட்ச்சில் பின்னேரத் தேத்தண்ணிக்குள் முடிக்கிற இலக்கு. இந்தியா 121. அஜாஸ் பட்டேல் 57 ஓட்டங்களுக்கு 6. பன்ட் 64 அடித்தும் போதவில்லை.

தூசிப் பிட்ச் ஆரம்பத்திலேயே உலர்ந்து, மேல் மண் பிடிப்பில்லாமல் இருக்கும். பந்துவீச்சாளர்களின் பூட்ஸ் விழும் இடங்கள் முதலில் கிளறும். அந்தக் கிளறலில் விழும் பந்து கடித்துத் திரும்பும், சில பந்து திரும்பாமல் நேரே வரும். திரும்பும் பந்தைவிடத் திரும்பாத பந்துதான் விக்கெட் எடுக்கும் என்று காலியில் ஹேரத் போட்டதைப் பார்த்த எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட பிட்ச்சில் முதல் இனிங்ஸ் 235 என்பதைத் தட்டைப் பிட்ச்சின் 400 போலப் பார்க்க வேண்டும். ஸ்கோர் சிறிதாக இருப்பதைப் பார்த்து கேப்டன் பதறினால், அடித்து ஆடச் சொல்லி, 180 இல் முடிப்பான்.

எங்கள் பையன்கள் காலையில் செய்வது

மண் பிட்ச்சுக்குப் போகும் நாட்களில் நான் கேப்டனை முதலில் பிட்ச்சுக்கு அனுப்புவதில்லை. பிட்ச் பராமரிக்கும் ஐயாவிடம் அனுப்புவேன். கடைசியாக எப்போது தண்ணி விட்டது, எப்போது உருட்டியது, புல் எப்போது வெட்டியது, மூடுவிரிப்பு எத்தனை மணி நேரம் கிடந்தது. நாலு கேள்வி. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லுவார்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூடுவிரிப்பு நனைந்து கிடக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பிறகு பிட்ச். நல்ல நீளத்துப் பந்து விழும் இடத்தில், ஸ்டம்பிலிருந்து ஆறேழு மீற்றர் தள்ளி, ஓரமாகக் குந்தி உள்ளங்கையை வைக்கச் சொல்வேன். ஈர மண் குளிரும். பெருவிரலால் மெல்ல அழுத்தினால் ஈரமானது அமர்ந்து கொடுக்கும், உலர்ந்தது கல்லாக நிற்கும். நகம் பதியும் அளவுக்கு இளகியிருந்தால் அது பச்சைதான், நிறம் என்னவாக இருந்தாலும். விரலைத் தடவி எடுத்தால் தூள் ஒட்டுகிறதா, வெடிப்பின் ஓரங்கள் அசைகின்றனவா என்று பார்ப்பது தூசிக்கான சோதனை. வெடிப்பு இருந்து ஓரம் இறுக்கமாக இருந்தால் பயமில்லை, இரண்டு நாள் தாங்கும். இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். ஒரு முனையில் மரநிழல் விழுந்து ஈரம் தங்கியிருந்ததை ஒருமுறை கண்டுபிடித்து, அந்த முனைக்கு எங்கள் உயரமான பையனை வைத்தோம். பிட்ச்சைக் குத்திக் கிளறக் கூடாது, பந்தைக் குத்திப் பார்க்கவும் கூடாது. நடுவர் பார்த்தால் பிரச்சினை வேறு.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பட்டியலை எழுதுவோம். மூன்றாவது வேகப்பந்துவீச்சாளனா, இரண்டாவது சுழல்காரனா என்ற அந்தப் பதினோராவது பெயரை மட்டும் கடைசிவரை வெறுமையாக விட்டிருப்போம். கேப்டன் வந்து, "சேர், கை குளிருது, ஆனா வெயில் ஏறீற்றுது" என்பான். ஒரு நாள் ஆட்டம் என்றால் அந்த வெயில் பத்து ஓவரில் ஈரத்தை எடுத்துவிடும், பற்றிங் எடு, முதல் பத்து ஓவரில் விக்கெட் விடாதே என்பேன். இரண்டு நாள் ஆட்டம், வானமும் மூடியிருக்கிறது என்றால் மூன்றாவது வேகப்பந்துவீச்சாளனின் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, நாணயம் எங்கள் பக்கம் விழுந்தால் போலிங் என்று சொல்லி அனுப்புவேன்.